உப்பில்லாத ஆணம்

தாம்பரம் மார்க்கெட்டில் அத்தர் விற்கிற நசீருதீனுக்கு ஒரு வசதி இருந்தது. கடைக்குப் பின்னால் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்து, கழுத்தில் கொஞ்சம் அத்தரைத் தடவி, வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டால் போதும். மோப்ப நாயே வந்தாலும் கண்டுபிடிக்காது. இரும்புலியூர் வீட்டில் மனைவி சித்திகா, "இன்னிக்கு நல்லா மணக்குதே" என்பாள். மனுஷனுக்கு அதில் பெருமை வேறு.

பிரஷர் அவருடைய சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று தெரிந்த அன்றே டாக்டர் எழில் கேட்டார், சிகரெட் உண்டா என்று. பக்கத்தில் சித்திகா உட்கார்ந்திருந்தாள். "விட்டாச்சு டாக்டர்" என்றார் கூசாமல். அன்றிலிருந்து சித்திகா குழம்பில், அவர்கள் வீட்டுப் பேச்சில் ஆணத்தில், உப்பைப் பேருக்குத்தான் போட்டாள். தனக்கென்று தனியாக ஆக்கிக்கொள்ளவில்லை. நோன்புக் கஞ்சியைக்கூட அவரோடு சப்பென்றே குடித்தாள்.

இன்றைக்கு ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகம் சரியில்லை.

"மாத்திரையில பிரஷர் ஓரளவு அடங்கியிருக்கு. ஆனா கிரியாட்டினின் ஏறிக்கிட்டே போகுது, யூரின்ல புரோட்டீனும் நிறைய போகுது. இதே வேகத்துல போனா டயாலிசிஸ்தான். வலி மாத்திரை ஏதாவது?"

"இல்லைங்க."

"உப்பு?"

சித்திகா முந்திக்கொண்டாள். "என் தப்புதான் டாக்டர். தங்கச்சி வந்தப்ப அப்பளம் பொரிச்சேன். இவரும் எடுத்தாரு. நான் தடுத்திருக்கணும்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அப்பளத்தால இவ்வளவு ஆகாதும்மா. சிறுநீரகத்துல ஊசி போட்டு, துளி சதை எடுத்துப் பார்த்துடலாம்."

ஊசிக்கு அவர் பயப்படவில்லை. அவள் அழுததைத்தான் தாங்க முடியவில்லை.

"சிகரெட்டை நான் விடவே இல்லை டாக்டர்."

டாக்டர் கோபப்படவில்லை. "சிறுநீரகத்துல இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களை பிரஷரே அடிச்சுக்கிட்டு இருக்கு. சிகரெட் அதே குழாய்களைச் சுருக்கி இன்னும் கெடுக்குது. மாத்திரை மட்டும் என்ன செய்யும்?"

"இப்ப விட்டா சரியாயிடுமா?"

"போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறது இவ்வளவு வேகமா தேயாது. இன்னிக்கே விடுங்க. விட மாத்திரையும் தர்றேன். ஊசியை அடுத்த ரிப்போர்ட் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆட்டோவில் சித்திகா ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சோறும் ஆணமும் பரிமாறினாள். பிறகு அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து வந்தாள்.

"எனக்கு வேணாம் சித்திகா."

"உங்களுக்கு இல்ல."

தன் தட்டில் தூவிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அவள் கண் கலங்கியது. "இந்த ருசியே மறந்து போச்சுங்க" என்றாள்.

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நாளையிலேர்ந்து அத்தர் பூசிக்கிட்டு வராதீங்க. வேர்வையோடயே வாங்க. நான் மோந்து பாக்கணும்."

தலையை ஆட்டிவிட்டு, உப்பில்லாத சோற்றைப் பிசைந்தார் நசீருதீன்.