அலமாரியின் இடது கன்னம்

அக்கா அனுப்பிய முதல் படத்தில் பாதி தாள், பாதி அத்தானின் கட்டைவிரல். இரண்டாவதில் முழுத் தாளும் இருந்தது, தலைகீழாக. மூன்றாவதோடு குரல்செய்தியும் வந்தது.

"தம்பி, நாலு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வர்றாங்க. அதுக்குள்ள இந்த அலமாரி நிமிர்ந்து நின்னு, சுவத்துல மாட்டியிருக்கணும். இல்லைன்னா காப்பகத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தானாம். தாள்ல இருக்கிறது நீ இருக்கிற ஊர் பாஷை. படிச்சு வரிசையாச் சொல்லுடா."

அக்கா வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் தொடங்குகிறாள். பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பெயர் பதிந்தாகிவிட்டது. அலமாரியில் ஏறப் பார்க்கும் குழந்தை மேல் அது சாயக்கூடாது என்பது விதி. அத்தான் கன்டெய்னரில் வரும் வெளிநாட்டுச் சரக்கு விற்கும் கடைக்குப் போய், பெட்டியின் மேலிருந்த அழகான படத்தைப் பார்த்து வாங்கி வந்துவிட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து மாதம். கனவுகூட இந்த மொழியில்தான் காண்கிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள். நான் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவை அறையில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் நான்கு சொற்கள்: ஈரம், காய்ந்தது, சீக்கிரம், மன்னிக்கவும். இதில் எதுவும் தாளில் இல்லை. மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து படத்தைக் கொடுத்தேன். அது யோசிக்காமல் பட்டியல் போட்டது. ஒன்று, இடது கன்னம். இரண்டு, வலது கன்னம். மூன்று, மேல் தரை. நான்கு, கீழ்த் தரை. ஏழு, முதுகுச் சுவர்.

அவசரத்தில் அதை அப்படியே அனுப்பிவிட்டேன். உடனே அத்தான் அழைத்தார்.

"மாப்ளே, பெட்டிக்குள்ள இருக்கிறது அலமாரியா, ஆளா?"

"பக்கப் பலகைதான் அத்தான். இந்த ஊர்ல அதைக் கன்னம்னுதான் சொல்வாங்க," என்றேன், இந்த ஊரையே கட்டியவன் மாதிரி. "ஒவ்வொரு பலகையிலயும் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும், பாருங்க."

"ஸ்டிக்கரா? அதையெல்லாம் உரிச்சுட்டேனே."

"உரிச்சுட்டீங்களா?"

"புதுப் பொருள்ல ஸ்டிக்கர் அசிங்கமா இருக்காதா? ஒண்ணுகூடத் தொலையலை. எல்லாத்தையும் நோட்டுல வரிசையா ஒட்டி வச்சிருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்படியே இருக்கு."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அந்த நோட்டைச் சுவத்துல மாட்டிட்டு, நீங்க கதவுகிட்ட நில்லுங்க. மேடம் வந்தா அலமாரி உள்ள இருக்குன்னு சொல்லுங்க."

பலகைகளைத் தரையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எது இடது, எது வலது என்று அதில் குறித்துக் கொடுத்தேன். என் கைகள் ஈரத் துண்டுகளில் இருந்ததால், போனை இஸ்திரி மேசையில் சாய்த்து வைத்து, வாயால் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்யவிட்டேன். எண் இல்லாத பலகைக்கு அடையாளம்தான் பெயர்.

முதல் படி: நீளமான இரண்டும் பக்கப் பலகைகள். உள்பக்கத்தில் துளைகளும், ஒரு ஓரமாக நீளப் பள்ளமும் இருக்கும். பின்பலகை அந்தப் பள்ளத்தில்தான் நுழையும். இரண்டாவது படி: தலை பெருத்த ஸ்க்ரூக்களைப் பக்கப் பலகைகளில் முடுக்கவும். மூன்றாவது: மரக்குச்சிகளை மேல்பலகை, கீழ்ப்பலகை, நடுப்பலகை ஓரங்களில் செருகவும். நான்காவது: உருண்டைப் பூட்டுகளை அதே பலகைகளின் பெரிய குழியில் போடவும், பூட்டின் மேலுள்ள அம்புக்குறி பலகையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது: அலமாரியைக் குப்புறப் படுக்கவைத்தே கோக்கவும். இடது பலகை உங்கள் இடது கைப்பக்கம், வலது பலகை வலது கைப்பக்கம். அழுத்திச் சேர்த்து, பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்று வலப்பக்கம் திருப்பவும். எந்தப் படியிலும் அத்தான் சுத்தியலைத் தொடக்கூடாது.

கடைசி வாக்கியம் தாளில் இல்லை.

இரண்டரை மணிக்கு அக்கா அழைத்தாள். "கோத்தாச்சு. பின்பலகையை நுழைக்கப் பள்ளத்தையே காணோம்."

"பள்ளம் இருக்கு," என்றார் அத்தான். "தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. முன்பக்கத்துல."

"ஸ்டிக்கரை உரிச்ச புண்ணியவானாலதான் இவ்வளவும்," என்றாள் அக்கா.

"அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டேனே. இன்னும் எத்தனை வாட்டி ஒத்துக்கணும்?"

நான் தாளை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். இடது என்று தாள் சொன்னது, நிற்கும் அலமாரியை முன்னாலிருந்து பார்க்கும்போது. குப்புறப் படுத்திருந்தால், நமக்கு இடப்பக்கம் வருவது அலமாரியின் வலது. துளைகள் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் இருந்ததால், தப்பான பலகையும் சத்தமில்லாமல் பொருந்திவிட்டது. உங்கள் கைப்பக்கம் என்று தாள் சொல்லவே இல்லை. தெளிவாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது.

ஸ்டிக்கர் மேல் பழி ஏற்கெனவே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் காரணம் சொல்லாமல் மாற்றச் சொன்னால், அவர்கள் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். கீழ்ப்பலகையின் துளைகள் மேலே போய்விடும். அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன்: ஐந்தாவது படி திருத்தம். கைப்பக்கம் என்று சொன்னது என் தப்பு, அத்தான் தப்பு இல்லை. பூட்டுகளை இடப்பக்கம் திருப்பிக் கழற்றி, இரண்டு பக்கப் பலகைகளையும் இடம் மாற்றவும், தலைகீழாக்க வேண்டாம். பள்ளம் மேலே தெரிய வேண்டும். ஆறாவது: பின்பலகையை நுழைக்கும் முன் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கவும்; இரண்டு அளவும் ஒன்றானால்தான் சட்டம் கோணாது. ஏழாவது: நிமிர்த்தி, மேல்பலகையின் பின்னால் மாட்டும் இரும்புப் பட்டையைச் சுவரில் ஸ்க்ரூவால் இறுக்கவும். அதற்குப் பிறகுதான் தட்டுகளில் சாமான்.

அக்காவின் பதில் கிசுகிசுப்பாக வந்தது. "படிச்சேன். அவர்கிட்ட இப்ப சொல்லாதே. குற்ற உணர்ச்சியில அருமையா வேலை செய்யறாரு. அளவு டேப்பைக்கூட அவரே தேடி எடுத்தாரு."

மூன்றே முக்காலுக்குச் சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது. நான்குக்கு அழைப்பு மணி. அக்கா போனை அணைக்காமல் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. எனக்கு எல்லாம் துணி வழியே கேட்டது.

மேடம் அலமாரியின் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கும் முனகல் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை. பிறகு, "அசையலை. நல்லா மாட்டியிருக்கீங்க. தயாரிப்பாளர் கொடுத்த தாள் எங்கே?"

அக்கா நீட்டியிருக்க வேண்டும். "இது எனக்குப் படிக்கத் தெரியாதே. படிக்கிற மாதிரி ஒண்ணு ஃபைல்ல வைக்கணும். இல்லைன்னா கையெழுத்துப் போட முடியாது."

"தமிழ்ல இருக்கு மேடம்," என்றார் அத்தான் பெருமையாக. "எங்க மாப்ளே அந்த ஊர் பாஷையில புலி. படிப்படியா எழுதி அனுப்பியிருக்கான். அதை எடும்மா."

"அதை நான் அப்புறம் பிரிண்ட் போட்டு..." என்றாள் அக்கா.

"இப்பவே காட்டுங்க."

போன் வெளியே வந்தது. திடீரென்று எல்லாம் தெளிவாகக் கேட்டது. மேடம் சத்தமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். சுத்தியல் வந்தபோது நிறுத்தினார். "அத்தான் யாரு?"

"நான்தான்," என்றார் அத்தான். குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

மேடம் தொடர்ந்தார். "ஐந்தாவது படி திருத்தம். கைப்பக்கம் என்று சொன்னது என் தப்பு, அத்தான் தப்பு இல்லை."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் வந்தது.

"குறுக்களவுகூடப் போட்டிருக்காரு," என்றார் மேடம். "நல்ல கையேடு. ஒரு எழுத்தும் மாத்தாம பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைங்க. வருஷா வருஷம் வந்து பார்ப்போம்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அத்தான் போனை வாங்கினார்.

"மாப்ளே."

"அத்தான்."

"ஒரு எழுத்தும் மாத்தக்கூடாதாம். நம்ம புலியோட தப்பு வருஷா வருஷம் ஆய்வுக்கு வருமாம். ரெண்டு காப்பி எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணு ஃபைலுக்கு. ஒண்ணு ஃப்ரேம் போட்டுக் கூடத்துல மாட்ட. மாட்டும்போது சுத்தியலை நான்தான் பிடிப்பேன்."