கிட்டத்தட்ட சரி

சட்டப் படிப்பின் குற்றவியல் தாளில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அக்கா இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். கல்லூரி விதிப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால், ஆயுள் முழுக்க வக்கீலின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியதுதான்.

அதனால் இம்முறை அட்டவணை போட்டாள். பிரிவு எண், வரையறை, குற்றத்தின் கூறுகள், ஒரு வழக்கின் சுருக்கம். பஸ் ஓட்டுநரான கணவர் காலை காபியோடு வலப்பக்கத்து விடையை அவளுக்குத் தெரியாதபடி அட்டையால் மறைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்பார். சரியாகச் சொன்னால் டிக். அதே கேள்வி மறுபடி மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். தப்பானால் மறுநாளே மறுபடியும். தாளெல்லாம் டிக்காக நிறைந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வக்கீல் சும்மா கேட்டார். "நம்பிக்கை மோசடிக்கும் ஏமாற்றுதலுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த வரிசையில் மூன்று டிக். அடுத்த முறை கேட்க வேண்டியது பரீட்சை முடிந்த பிறகு.

"இதை நான் சரியாவா சொன்னேன்?"

"கிட்டத்தட்ட," என்றார் கணவர். "பாதி சொன்ன. உன் மூஞ்சி வாடிப்போச்சு. எனக்கு மனசு கேக்கல."

அவளுக்கு வந்த கோபத்தில் அழக்கூட முடியவில்லை. அத்தனை டிக்கையும் அழித்தாள். அட்டவணைத் தாளையும் அட்டையையும் பிடுங்கி, மாடியில் குடியிருந்த நாத்தனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாத்தனாருக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் குறையுள்ள சட்டைகளை ஒதுக்குகிற வேலை. தம்பி கல்யாணத்திலேயே மணப்பெண்ணின் ரவிக்கையில் ஒரு தையல் கோணல் என்று சொன்னவள்.

"திருட்டு," என்றாள் நாத்தனார்.

"அசையும் பொருள், இன்னொருத்தர் வசம் இருக்கறது, அவர் சம்மதம் இல்லாம, எடுக்கறதுக்காக நகர்த்தறது."

"ஒண்ணு விட்டுட்ட. நேர்மையில்லாத எண்ணம். நாளைக்கு மறுபடி."

"அண்ணி, அது சொல்லாமலே புரியுமே."

"சட்டைக்குப் பட்டன் இல்லன்னாலும் சட்டைன்னு புரியும். நாளைக்கு."

காலையும் மாலையும் இதே பாடு. குமாஸ்தா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போதே கூறுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் நாத்தனார் அந்த வரிசைக்கு வந்தாள். நம்பிக்கை மோசடி.

"சொத்து முதல்ல முறையாத்தான் அவன் கைக்கு வரும், நம்பி ஒப்படைப்பாங்க. கெட்ட எண்ணம் அப்புறம் வரும். ஏமாத்தறதுல ஆரம்பத்துலயே வஞ்சகம் இருக்கும், அதை நம்பித்தான் கொடுப்பாங்க." வழக்கையும் சொன்னாள்: நடந்தது, கேள்வி, தீர்ப்பு, காரணம்.

நாத்தனார் தாளை இரண்டு முறை பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. முகத்தைச் சுளித்தபடி ஒரு டிக் போட்டாள்.

குமாஸ்தா அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சத்தம் கேட்டுக் கணவர் மாடிக்கு ஓடி வந்தார்.

"நான் எத்தனை டிக் போட்டேன்," என்றார் பரிதாபமாக. "ஒண்ணுக்காவது அழுதியா?"

"உங்க டிக்கை வெச்சு நான் நிம்மதியா தூங்கினேன்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை வெச்சு நாளைக்குப் பரீட்சை எழுதுவேன்."