பதின்மூன்றாவது கை

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளைச் செயலாளர் ஆக்கினால் காகிதச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் குடியிருப்போர் சங்கம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அந்த மிச்சத்துக்கு இன்று கூட்ட நடவடிக்கைகளை எழுதும் வேலையும் அவள் தலையில்தான்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு ஓரத்தில் ஸ்டூல் மேல் செல்போன் எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டிருந்தது. சிறப்புப் பொதுக்கூட்டம், ஒரே பொருள்தான். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாமா, வேண்டாமா?

அவளுக்கு வேண்டும். போன மழையில் மகள் படுக்கும் கட்டில்மேலேயே கூரைக்காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளை அப்போது பள்ளியில் இருந்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து தாய்க்குச் சரியான தூக்கம் கிடையாது.

எதிர்த்து நின்றவர் அவள் கூடப்பிறந்த அண்ணன். அதே கட்டடத்தில் முதல் மாடி, ஓய்வு பெற்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன வருடக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை அவர் தொண்டை கிழிய எதிர்த்தும், அப்போதைய செயலாளர் ‘ஒருமனதாக’ என்று எழுதி முடித்துவிட்டார். "நான் மனுஷனே இல்லையா?" என்று கோபித்துக்கொண்டவர், சங்கத்துப் பக்கமும் வரவில்லை, தங்கை வீட்டுப் பக்கமும் வரவில்லை. தங்கை என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் அண்ணன்மார்களுக்கு முகவரி தெரியாது.

இன்று அவர் எழுந்தார். "கட்டறவன் பாதியில கைவிட்டா நாம நடுத்தெருவுல நிக்கணும். வெளியில இருக்கிற காலத்து வாடகைக்கு பேங்க் உத்தரவாதம் கைக்கு வராம ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ணக் கூடாது. எழுதுறியா, இல்ல இதையும் முழுங்கிடுவீங்களா?"

"எழுதுறேன்ணே. மெதுவா சொல்லுங்க."

சொன்னபடியே எழுதினாள்.

தலைவரான பல் டாக்டர் ஓட்டுக்கு விட்டார். மொத்தம் இருபத்து நான்கு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. வந்தவர்களில் பாதிக்கு மேல் என்பது போதாது; மொத்த உறுப்பினர்களில் பாதியைத் தாண்ட வேண்டும், அதாவது பதின்மூன்று. கைகள் எழுந்தன. டாக்டர் எண்ணினார்.

"பதிமூணு! தப்பிச்சோம்டா சாமி!"

அவளுக்கும் உயிர் வந்தது. கைகளுக்கு நேராக வீட்டு எண்களைக் குறித்தவள், கடைசிக் கையில் நின்றாள். டாக்சிக்காரர். அவர் வீடு மனைவி பெயரில் இருக்கிறது; உறுப்பினர் அந்த நர்ஸம்மாதான். அவரோ டியூட்டியில். வீட்டில் எதற்கும் கை தூக்க முடியாத மனிதர், இங்கே ஆசையாகத் தூக்கிவிட்டார்.

டாக்டருக்கும் புரிந்துவிட்டது. குனிந்து காதில் சொன்னார்: "விடும்மா. யார் சரிபாக்கப் போறா? உன் பொண்ணை நினைச்சுக்கோ."

அவள் நினைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த காரைத் துண்டு கண்முன் வந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"அந்த ஓட்டு செல்லாது. அவர் உறுப்பினர் இல்ல. ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு அஞ்சு."

ஒரே கூச்சல். டாக்சிக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். வார்டை விட்டு வர முடியாது என்று அங்கிருந்து ஒரு அதட்டல்தான் வந்தது. தீர்மானம் தோற்றதாக அறிவிக்க டாக்டர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்." அண்ணன். "நான் சொன்னதை நீ என்ன எழுதியிருக்கேன்னு படி."

படித்தாள். ‘நடுத்தெரு’ உட்பட ஒரு சொல் விடாமல் இருந்தது. அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஜெயிக்கற ஓட்டையே அடிச்சவ, என் நிபந்தனையை அடிக்க மாட்டா. அதைத் தீர்மானத்துலயே சேர்த்துத் திரும்பக் கேளுங்க. நான் கை தூக்குறேன்."

திருத்தத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டு. அண்ணன் கை முதலில் எழுந்தது. எதிர்த்தவர்களில் இன்னும் மூன்று பேர் தூக்கினார்கள். டாக்சிக்காரரும் தூக்கப் போக, "நீங்க இறக்குங்க!" என்று கூட்டமே கத்தியது. ஆதரவு பதினாறு. ஒரே ஒரு எதிர்ப்பு, கடைசி மாடித் தையல்காரம்மா. அவர் சொன்ன காரணத்தையும் எழுதிக்கொண்டாள்.

தீர்மானம் நிறைவேறினாலும் ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலை அவள் கடிதக் கட்டோடு புறப்படும் முன்பே கதவு தட்டப்பட்டது. அண்ணன், சட்டைப்பையில் பேனாவோடு.

"உங்க வீட்டுக்கு நானே வந்திருப்பேனே?"

"தெரியும். நான்தான் வரணும்."

உள்ளே வந்தவர் மருமகளின் கட்டிலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். கூரையில் கம்பி தெரிந்தது. ஒரு வருடம் வராதவர் அதை இன்றுதான் பார்க்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பிள்ளைக்காக யோசிக்காம கை தூக்கியிருப்பீங்க. அப்புறம் உங்க நிபந்தனையை யார் எழுதுறது?"

அவர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி. இடிக்கிற வரைக்கும் பிள்ளை எங்க வீட்டுல தூங்கட்டும்."

அன்றிரவு அவளும் தூங்கினாள்.