இரண்டு தரம் இரண்டு

ஒரு முகத்தைப் பெரிதாக்குவது என்பது ஓர் ஆன்மாவை இருளிலிருந்து மீட்டெடுப்பதாகும்.

இந்த வாசகம் வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி இருந்த கொன்ஸ்ரன்ரைன் டிஜிற்றல் ஸ்ரூடியோவின் சுவரில், மூன்றடி அகலச் சட்டத்துக்குள் தொங்கியது. இயற்றியவர் உரிமையாளர் கொன்ஸ்ரன்ரைன். சிறிய எழுத்தில் அடித்து, பிறகு தன் கைப்படப் பெரிதாக்கியவரும் அவரே. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கரை ஓடியது. பாஸ்போட் படம் எடுக்க வந்து காத்திருப்பவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாசகத்தின் வலப்பக்கத்தில் சிங்கப்பூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சிப் பட்டறையின் சான்றிதழ். இடப்பக்கத்தில், சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானாக அவரை நியமித்த கடிதம். கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக் கேற்றிலும் அந்தப் பதவி மூன்று மொழியில் எழுதியிருந்தது. சத்தியக்கடதாசிக்கு முத்திரை குத்த வருபவர்களுக்குப் படமும், படம் எடுக்க வருபவர்களுக்கு முத்திரையும் தேவைப்பட்ட காலம் அது. இரண்டாயிரத்து எட்டு. பொலிஸ் பதிவுக்குப் படம், லொட்ஜ் பதிவுக்குப் படம், காணாமற்போனவருக்குப் படம்.

பத்மாவதி வந்தது மூன்றாவது வகைக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, பக்கத்து ஒழுங்கை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். அவருடைய ஒரே மகன் கேதாரநாதனை மாசி மாதம் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனவர்கள் திருப்பி விடவில்லை. எங்கே என்று சொல்லவுமில்லை. பொரளைப் பக்கத்தில் இருந்த ஒரு கந்தோர் இப்படியான முறைப்பாடுகளை எடுத்தது. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் முகப்படம், அடையாளம் சொல்லும் சத்தியக்கடதாசி, இரண்டும் வேண்டும் என்றது.

கையில் இருந்தது ஒரேயொரு படம். சிநேகிதனின் கல்யாணத்தில் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்தது. கனடாவிலிருந்து மருமகன் ஸ்ரூடியோவின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தான். ஐந்து பேர் நின்றார்கள். கேதாரநாதனின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் முந்நூறு புள்ளி அகலம், முந்நூற்றெழுபத்தைந்து புள்ளி உயரம். அச்சுக்கு அதைப்போல நான்கு மடங்கு வேண்டும்.

கணனியில் வேலை செய்யும் ஐறீன் கதிரையை இழுத்தாள். கொன்ஸ்ரன்ரைன் கையை உயர்த்தினார்.

"இது பாஸ்போட் படமில்லை ஐறீன். நீர் எழும்பும். இதை நான் செய்யவேணும்."

பத்மாவதியின் பக்கம் திரும்பி விளக்கமும் சொன்னார். "அக்கா, மற்றவன் ஒரேயடியா நாலு மடங்காக்குவான். அது மாடிப்படியிலை நாலு படி பாயுற மாதிரி. கால் முறியும். நான் ரெண்டு ரெண்டா ஏறுவன். சிங்கப்பூர் முறை."

பத்மாவதி தலையாட்டினார். சிங்கப்பூர் முறையென்று சொன்னால் யார்தான் தலையாட்டாமல் இருப்பார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் படத்தை இரண்டு மடங்காக்கினார். மங்கலாகத் தெரிந்ததால் கூர்மையாக்கினார். கணனி இடையில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அதை ஜேபெக் கோப்பாகச் சேமித்து மூடினார். இடம் மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைத்தே சேமித்தார். திறந்தார். மறுபடி இரண்டு மடங்கு. மறுபடி கூர்மை. மறுபடி சேமிப்பு.

அச்சு வெளியே வந்தது. கண்மடல் மயிர்கூட எண்ணலாம் போலிருந்தது. இடது கன்னத்தில் கடுகளவு ஒரு கறுப்பு மச்சம்.

"இதுவும் இருக்குது," என்றார் நீதவான், சத்தியக்கடதாசியை நிரப்பிக்கொண்டே. "அடையாளம் எண்டா இதுதான் அடையாளம். மச்சம்தானே அக்கா?"

பத்மாவதி படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். மகன் கொழும்புக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியபிறகு நேரில் பார்க்கவேயில்லை. மூன்று வருடத்தில் ஒரு கன்னத்தில் என்னவெல்லாம் வரும். பெற்ற பிள்ளையின் முகம் தெரியாது என்று ஒரு ஆம்பிளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"ஓம்... இருக்கும் தம்பி."

"இருக்கும்" என்பதை கொன்ஸ்ரன்ரைன் "இருக்கிறது" என்று எழுதினார். முத்திரை விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பத்மாவதி ஒரு கடிதத்தோடும், அதனோடு திரும்பி வந்த பழைய அச்சோடும் வந்தார். அச்சை மேசையில் போட்டுவிட்டுக் கடிதத்தை நீட்டினார்; அது சிங்களத்தில் இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் வங்கிக்குப் போயிருந்தார். ஐறீன்தான் வாசித்தாள். ஒரு தரம் மனசுக்குள், ஒரு தரம் தமிழில், மெதுவாக.

"அம்மா, அந்தப் பேரிலை ஒருத்தர் ஒரு முகாமிலை இருக்கிறாராம்."

பத்மாவதி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா இடது கன்னத்திலை மச்சம் இல்லையாம். அதாலை அது உங்கட மகன் இல்லை எண்டு முடிவெடுத்திருக்கினம். திருத்தம் ஏதும் இருந்தா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ளை படத்தோடை குடுக்கவேணுமாம். இல்லாட்டி முறைப்பாட்டுக் கோவையை மூடுவினமாம்."

"பிள்ளை, எனக்கு அப்பவே தெரியும்," என்றார் பத்மாவதி. "அவனுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. நான் ஏன் ஓமெண்டனான்? ஏன் பிள்ளை ஓமெண்டனான்?"

ஐறீன் கணனிக்குத் திரும்பினாள். கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சல் இன்னும் இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து கன்னத்தை மட்டும் திரை நிறையும்வரை கிட்டக் கொண்டுவந்தாள். மச்சம் இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள், அக்கம்பக்கத்தை விடக் கொஞ்சம் கருமை. அவ்வளவுதான். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் மலிவுக் கைத்தொலைபேசி போட்ட மணல். நெற்றியிலும் கழுத்திலும் பின்னால் சுவரிலும் அதே மணல் கிடந்தது.

கொன்ஸ்ரன்ரைன் வந்தார். கடிதத்தை வாசித்தார். முகம் இறுகியது.

"முகாமிலை இருக்கிறவன் வேற ஆள். என்ர படத்திலை பிழை வராது."

"சேர், கொஞ்சம் இருங்கோ. பாருங்கோ."

அவள் ஒரே முகத்தை மூன்று விதமாகச் செய்தாள். முதலாவது, ஒரே தரத்தில் நான்கு மடங்கு. இரண்டாவது, இரண்டு தரம் இரண்டு மடங்கு. இடையில் சேமிக்கவில்லை, கூர்மையாக்கவுமில்லை. மூன்றாவது, அவர் செய்த மாதிரியே.

முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் காட்டும்படி கணனியிடம் சொன்னாள். திரை கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பாகியது. வித்தியாசம் என்று சொல்ல விளிம்புகளில் கண்ணுக்குப் பிடிபடாத சாம்பல்.

"பாத்தீரா!" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ரெண்டு தரம் ஏறினா ஒண்டும் பழுதாகாது. நான் சொன்னதுதானே?"

"ஓம் சேர். ஏறினதாலை பெருசா ஒண்டும் ஆகேல்லை. ஆனா ஒரேயடியா ஏறினதை விட நல்லாயும் வரேல்லை. இப்ப இதைப் பாருங்கோ."

முதலாவதின்மேல் மூன்றாவதை வைத்துக் கழித்தாள். கறுப்புத் திரையில் ஒரு முகத்தின் கோடு எழுந்தது. தாடை, மூக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளைக் கரைகள். கன்னம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். அதன் நடுவே, இடது பக்கத்தில், ஒரு வளையத்துக்குள் ஒரு பொட்டு எரிந்தது.

பத்மாவதி மெதுவாகக் கேட்டார். "இது ஆர் பிள்ளை?"

"ஒருத்தரும் இல்லையம்மா. நாங்கள் கூட்டிப் போட்டது."

கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைத் துடைத்தார்.

"முதல் தரம் கூர்மையாக்கேக்கை அந்த மணலும் கறுத்தது சேர்," என்றாள் ஐறீன். "சுத்திவர வெள்ளையும் வந்தது. பிறகு தரத்தைக் குறைச்சுச் சேமிச்சதிலை சதுரம் சதுரமா அழுக்கும் சேந்தது. ரெண்டாந்தரம் இதெல்லாத்தையும் முகம் எண்டு நினைச்சுத்தான் கணனி ரெண்டு மடங்காக்கினது. திரும்பவும் கூர்மையாக்க மச்சம் ஆச்சுது. படியிலை பிழையில்லை. ஒவ்வொரு படியிலையும் நிண்டு சேறு பூசினதுதான்."

"கெட்டிக்காரி," என்றார் கொன்ஸ்ரன்ரைன். பாராட்டுப் போலக் கேட்கவில்லை. "நீர் எந்தப் பட்டறைக்குப் போனீர்?"

"ஒண்டுக்கும் போகேல்லை சேர். மேபல் அன்ரியின்ர கல்யாணப் படத்தை இப்பிடிச் செய்து நானும் ஒருக்காப் பேச்சு வாங்கினனான். அவவுக்கு மீசை வந்திட்டுது."

பத்மாவதி அன்று முதன்முதலாகச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டார். அதனால்தான் கொன்ஸ்ரன்ரைன் திருத்தம் எழுதச் சம்மதித்தார் என்று ஐறீன் பின்னால் நினைத்தாள். ஒரு பெண் அழும்போது நீதவானாக நிற்பது அவருக்குப் பிடிக்கும்.

ஆனால் எழுதுவதற்கு மூன்று நாள் எடுத்தது. செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் மச்சம் "கணனியின் தன்னிச்சையான செயலால்" உண்டானது. புதன்கிழமை அது "தாயாரின் நினைவுப் பிசகு" ஆனது. ஐறீன் இரண்டையும் கிழித்தாள். "சேர், ஆர் செய்தது எண்டு எழுதாட்டி அவங்கள் நம்பமாட்டாங்கள்," என்றாள். வியாழன் மத்தியானம், கதவில் "மூடப்பட்டுள்ளது" அட்டையைத் திருப்பிவிட்டு, அவர் எழுதினார். படத்தைப் பெரிதாக்கியவர் நான். மேற்படி மச்சம் நான் பெரிதாக்கியபோது உண்டானது. மேற்படி நபரின் கன்னத்தில் மச்சம் எதுவும் இல்லை. முத்திரையை இரண்டு தரம் குத்தினார். முதலாவது தெளிவாக விழவில்லையாம்.

ஐறீன் அன்றைக்கே புதிய அச்சை எடுத்தாள். அசலிலிருந்து ஒரே தரத்தில் நான்கு மடங்கு, கடைசியில் மட்டும் மிக இலேசாகக் கூர்மை. முகம் கொஞ்சம் மங்கல்தான், மழைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல. கன்னத்தில் மச்சம் இல்லை. பத்மாவதி அதை நெடுநேரம் பார்த்தார்.

"இவன்தான்," என்றார்.

ஐறீன் அச்சை ஒரு கடித உறையில் போட்டு, மேலே "பொரளை" என்று எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆமர் வீதியில் சோதனை. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஐறீனின் அடையாள அட்டையை ஒருவர் வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இன்னொருவரிடம் கொடுக்க அவரும் பார்த்தார். வெள்ளவத்தைக்கு அவள் வந்துசேர்ந்தபோது பன்னிரண்டரை.

கொன்ஸ்ரன்ரைன் அப்போதுதான் முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். பத்மாவதி பக்கத்தில், கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி.

"அலுவல் முடிஞ்சுது!" என்றார். "உமக்காகக் காத்துக்கொண்டிருக்கேலாது, பன்னிரண்டுக்கு எடுக்கிறதை நிப்பாட்டிப் போடுவாங்கள். நானே கொண்டுபோய்க் கையிலை குடுத்தனான். நான் சமாதான நீதவான் எண்டவுடனை கதிரை தந்தவங்கள்."

"கதிரை தந்தவங்கள் பிள்ளை," என்றார் பத்மாவதி. குரலில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு தெம்பு. "தம்பி குடுத்த கடிதத்தையும் படத்தையும் நான் பாக்க முன்னமே சேத்து உறையிலை போட்டு ஒட்டிச் சீல் வைச்சாச்சு. இனி மேலிடத்துக்குப் போகுமாம். இனித் திருத்தம் ஒண்டும் எடுக்கமாட்டினமாம். அதுக்கும் ஓமெண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

"எந்தப் படம் சேர் குடுத்தனீங்கள்?"

"மேசையிலை கிடந்துதே. நல்ல தெளிவான படமாப் பாத்து எடுத்தனான்."

ஐறீன் உள்ளே போய் லாச்சியை இழுத்தாள்.

"பொரளை" என்று எழுதிய உறை அதற்குள் இருந்தது.