அய்யனார் தலையில் விழுந்த செக்

எனக்கு அருவருப்பு வந்தால் முதலில் வாயில் எச்சில் ஊறும். அன்று காலை பேங்கிலிருந்து வந்த மெமோவைப் பிரித்ததும் ஊறியது. பாகூரில் சுப்பராயலு முதலாளியின் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். செக் திரும்புவது எனக்குப் புதிதில்லை. இந்தச் செக்கை யார் கொடுத்தார், யார் கணக்கில் வரவு வைத்தோம் என்பதுதான் அருவருப்பு.

கரியமாணிக்கம் ஊர்ப் பெரும்புள்ளி சிவப்பிரகாசம், எங்களிடம் கடனுக்கு உரம் எடுக்கும் அய்யனாரின் நெல்லைப் போன அறுவடையில் வாங்கினார். நெல் போயிற்று, காசு வரவில்லை. நச்சரிப்பு தாங்காமல், அய்யனாரின் உரப் பாக்கிக்கு ஈடாக எங்கள் கடை பெயருக்கே முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார். செக் மாறும்வரை பொறுக்கலாம் என்று சொன்னேன். முதலாளி கேட்கவில்லை.

"சிவப்பிரகாசம் செக்குமா. மாறாம எங்க போவும்" என்றார். பேங்கில் போட்ட அன்றே அய்யனார் கணக்கில் வரவு வைத்து, பாக்கி இல்லை என்று ரசீதும் கொடுத்தோம்.

இப்போது மெமோ சொல்கிறது, கணக்கில் போதிய பணம் இல்லை.

முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரவு என்ட்ரியவே அழிச்சிடு. செக்கே வரலன்னு இருக்கட்டும். அவுரு பேரு எங்கியும் வேணாம்."

"அழிக்க முடியாது சார். பேங்க் ஸ்டேட்மென்ட்ல பணம் ஏறினதும் இருக்கு, எறங்கினதும் இருக்கு. நம்ம புக்ல ரெண்டும் இல்லன்னா ஆடிட்டர் கேப்பாரு."

மனசாட்சிக்குப் பயப்படாத மனுஷன் ஆடிட்டருக்குப் பயந்தார். "சரி, எப்பிடி போடணுமோ அப்பிடி போடு."

பழைய வரவு அப்படியே இருக்க வேண்டும். செக் திரும்பிய தேதியில் அய்யனார் கணக்கில் பற்று, பேங்க் கணக்கில் வரவு. தீர்ந்துபோன பாக்கி மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பேங்க் அபராதமாகப் பிடித்த இருநூற்று முப்பத்தாறு ரூபாயையும் அய்யனார் மேலேயே ஏற்றச் சொன்னார் முதலாளி.

"செக் குடுத்தது அய்யனார் இல்லியே சார். சிவப்பிரகாசத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வுடலாம். மெமோ வந்து முப்பது நாள் டைம் இருக்கு."

"நோட்டீசா? எவ்ளோ மூட்டை எடுக்குறவரு தெரியுமா? அவுரு பேர்ல நம்மகிட்ட இன்னா பாக்கி கீது? ஒண்ணும் இல்ல. பாக்கி அய்யனாருது."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. வரவு எந்தக் கணக்கிலோ பற்றும் அதே கணக்கில்தான். தப்பான என்ட்ரி என்றால் சண்டை போட்டிருப்பேன். சரியான என்ட்ரியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். விவரத்தில் மட்டும் 'சிவப்பிரகாசம் செக் திரும்பியது' என்று அடித்து வைத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு அய்யனார் வந்தார். என் அப்பா வயசு. நட்ட பயிர் மஞ்சளாகிறது, இந்த வாரமே யூரியா போட வேண்டும் என்று இரண்டு மூட்டை கடனுக்குக் கேட்டார்.

"பழைய பாக்கிய கட்டிட்டு எடுத்துக்கோ" என்றார் முதலாளி.

அய்யனார் பிளாஸ்டிக் கவரிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினார். "தீந்துச்சுன்னு போட்டிருக்குதே."

"அந்தச் செக் திரும்பிடுச்சுபா."

"அது என் செக் இல்லீங்களே. எனுக்கு செக் புக்கே கெடியாது." பிறகு என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து சிவப்பிரகாசம் காரிலிருந்து இறங்கினார். முதலாளி எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மெமோ மேசைமேலேயே கிடந்தது. சிவப்பிரகாசம் அதை ஒரு பார்வை பார்த்து, டீ டம்ளரை அதன் மேல் வைத்தார்.

"இன்னாடா அய்யனாரு, மூஞ்சி தொங்கிப் போச்சு? உரம் குடுக்கலியா? என் பேர்ல ரெண்டு மூட்டை எடுத்துக்கோ. அறுப்புல நெல்லா கழிச்சுக்கறேன்."

முப்பத்தெட்டாயிரம் தரவேண்டியவர், தர வேண்டிய ஆளுக்கே கடன் கொடுக்கிறார். அய்யனார் திட்டுவாரா, ரசீதை அவர் முகத்தில் எறிவாரா என்று பார்த்தேன். பயிர் காத்திருக்காது. அய்யனார் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"நல்ல மனசுங்க உங்குளுக்கு" என்றார் முதலாளி.

சிவப்பிரகாசம் மானிய உரத்துக்கான ரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செக் புக்கை எடுத்தார். "இதுக்கு ஒரு செக் போட்டுடட்டா?"

முதலாளி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, செக்கெல்லாம் எதுக்குங்க. உங்க பேர்ல எழுதிக்கறோம். உங்க மேல நம்பிக்க இல்லியா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பில் போட்டேன்.