இருபத்து நான்காம் கணினி தவிர

மாணிக்கவாசகம் சார் கையில் சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் பிழை திருத்தித் திருப்பித் தருகிற ஆள். காஜா பேராங் சாலையில், கடைகளுக்கு மேலே நடக்கும் எங்கள் கல்லூரியில் அவர்தான் கணினித் துறைத் தலைவர். நான் கமலவேணி, கணினிக் கூடத்துக்குப் பொறுப்பாளர். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘பார்மட் மேடம்’.

அந்தப் பெயர் வந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. போன வருஷம் கூடம் முழுக்க வைரஸ். எந்தக் கணினியில் பென்டிரைவைச் செருகினாலும் தொற்றிக்கொண்டது. சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்றேன். மாணவர்களின் வேலையெல்லாம் டி டிரைவில் இருந்தது. சார் மாடிப்படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

“டியையும் சேத்து அடிச்சிடு கமலவேணி. வைரஸ் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அடித்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் அத்தனையும் போயிற்று. பெற்றோர் வந்து முதல்வர் அறையில் கத்தியபோது, அப்படி ஒரு வார்த்தையைத் தாம் சொல்லவே இல்லை என்று சார் சாதித்தார். என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். ‘துறைத் தலைவரின் வாய்மொழி உத்தரவின்படி’ என்று எழுதினேன். சார் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, மேலே ‘எனது கவனக்குறைவால்’ என்று எழுதினார்.

“இப்படிப் போட்டா வார்னிங்கோட போயிடும்லா. சண்டை போட்டா வேலையே போயிடும். யோசிச்சுக்க.”

அம்மா படுத்த படுக்கையாக இருந்த நேரம். கையெழுத்துப் போட்டேன். வரவிருந்த பதவி உயர்வு அங்கேயே நின்றது. அந்த வார்னிங் என் கோப்பில் கறையாக ஒட்டிக்கொண்டது. அதை எடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

இந்த வருஷம் நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவின் ஐம்பதாம் ஆண்டு. கல்லூரியின் ஜன்னல்தோறும் கொடி தொங்கியது. ஆகஸ்ட் விடுமுறை நெருங்கியபோது, எல்லாக் கணினிகளையும் புதிதாக நிறுவ அனுமதி கேட்டுத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு கணினியைச் சுத்தமாகத் தயார்செய்து, அதன் படியை மற்றவற்றில் இறக்கப் போகிறோம். அப்போது ஹார்டு டிஸ்க் முழுதும் அழியும். மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கோப்புகளை முன்னதாக எடுத்துக்கொள்ள அறிவிப்பு ஒட்ட வேண்டும். எல்லாம் முறையாக எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘துறைத் தலைவர் தமது முனைவர் பட்ட ஆய்வுக்குப் பயன்படுத்தும் இருபத்து நான்காம் கணினி தவிர.’

வேண்டுமென்றுதான் சேர்த்தேன். கூடத்துக் கணினியில் சொந்தக் கோப்பு வைக்கக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டியவரே அவர்தான். புள்ளிவிவர மென்பொருள் அந்தக் கணினியில் இருந்ததால் மூலையில் உட்கார்ந்து தம் ஆய்வை அதிலேயே வளர்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தின் நகல் முதல்வர் அலுவலகத்துக்கும் போகும்; அந்த வரி அங்கே போக அவர் விடமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

நினைத்தபடியே சிவப்புப் பேனா அந்த வரியின் மேல் பாய்ந்தது.

“இதெல்லாம் எதுக்கு எழுதுற? முதல்வர் படிச்சா என்ன நெனைப்பாரு? செமுவா கொம்பியூட்டர், எல்லாக் கணினியும்னு போட்டா போதும்.”

“அப்ப இருபத்து நாலு, சார்?”

“அத மட்டும் விட்டுடு. வாயால சொல்றேன்ல, எழுதணுமா?”

“சரி சார்,” என்றேன். அந்த வரி இல்லாமல் புதிதாக அச்சிட்டுக் கொண்டுபோனேன். அனுமதிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் சிவப்பில் அடித்த தாளையும் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

விடுமுறையில் நானும் உதவியாளர் ஷரீஃபுதீனும் வேலையை ஆரம்பித்தோம். முதல் கணினியில் விண்டோஸ், டிரைவர்கள், பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள், வைரஸ் தடுப்பு எல்லாம் போட்டுச் சோதித்தோம். பிறகு அதைப் படியெடுத்து, மற்றவற்றை பூட் சிடியில் கிளப்பி, வலை வழியாக இறக்கினோம். இறக்கி முடித்த ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வலையில் ஒன்றோடொன்று மோதும். ஷரீஃபுதீன் மூலைக் கணினியைத் தாண்டிப் போனான்.

“அக்கா, இது பாஸோட மெஷின்லா.”

“கடிதத்துல என்ன போட்டிருக்கு?”

“செமுவா.”

“செமுவான்னா?”

அவன் என்னைப் பார்த்துவிட்டு டீ வாங்கக் கீழே போனான். அழிப்பதற்கு முன் சாரின் கோப்புகளை ஒரு டிவிடியில் எழுதிக்கொண்டேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செத்துப்போன ஆய்வை வைத்து நான் என்ன வாங்க முடியும்? பிறகு பூட் சிடியைப் போட்டேன். திரையில் நீலப் பட்டை நகர்ந்து முடியும் வரை நின்று பார்த்தேன். மனசு குளிர்ந்தது.

கல்லூரி திறந்த அன்று காலையிலேயே சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

“இருபத்து நாலு காலியா இருக்கு.”

“ஆமா சார். புதுசா போட்டாச்சு.”

“அத விட்டுடச் சொன்னேன்ல!”

“அப்படி யாரும் எங்கிட்ட சொல்லலியே, சார்.”

போன வருஷம் முதல்வர் முன்னால் அவர் சாதித்த அதே மறுப்பு. அவருக்கும் ஞாபகம் வந்தது என்று கண்ணிலேயே தெரிந்தது. யாரிடம் போய்ப் புகார் செய்வார்? கதவில் ஒட்டிய அறிவிப்பில் அவர் கையெழுத்து இருக்கிறது, அந்த வரியை அடித்த அவருடைய சிவப்புக் கோடு என்னிடம் இருக்கிறது.

“மூணு வருஷ உழைப்பு... டிசம்பர்ல கொடுக்கணும். கமலவேணி, நீங்க எங்கயாச்சும் ஒரு காப்பி...”

‘நீ’ போய் ‘நீங்க’ வந்துவிட்டது.

“இருக்கு சார்,” என்றேன். “போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. எழுதிட்டு வாங்கிக்குங்க.”

என்னை முறைத்தார். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன், அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கடைசியில் தாளை எடுத்தார். சட்டைப் பையில் வேறு பேனா இல்லை. சிவப்பிலேயே எழுதி நீட்டினார். ‘சென்ற ஆண்டு தகவல் பரிமாற்றத்தில் கவனக்குறைவு ஏற்பட்டது.’

“பேனாவக் கொடுங்க சார்.”

வாங்கினேன். ‘கவனக்குறைவு ஏற்பட்டது’ என்பதை ஒரே கோட்டில் அடித்துத் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

“யாருக்கு ஏற்பட்டுச்சுன்னு தெரியல. இப்படிப் போட்டா முதல்வருக்குப் புரியாது.”

வேறு தாள் எடுத்து எழுதினார்: ‘டி டிரைவையும் அழிக்கச் சொன்னது நான்தான். கமலவேணி மேல் தவறில்லை. அவருக்கு அளித்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்.’ கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னேன். போட்டார். இரண்டு முறை படித்து, மடித்து, கைப்பையில் வைத்துப் பூட்டினேன். பிறகுதான் டிவிடியை எடுத்து மேசையில் வைத்தேன்.

அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாமே இதுல இருக்கா? ஒண்ணும் விட்டுப்போகலியே?”

கதவைத் திறந்துகொண்டே சொன்னேன்.

“இருக்கு சார். வாயால சொல்றேன்ல, எழுதணுமா?”