பார்சலுக்கு யார் பரிமாறினார்கள்?

ஓட்டல் கல்லாவில் இருந்தவள், புது மெஷின் துப்பிய பில்லை வாடிக்கையாளரிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, ஆள் நிக்கிறாரு," என்றார் முதலாளி.

"மேசையில சாப்பிட்டது ஆயிரம், பார்சல் நானூறு. பத்து சதவீத சேவைக் கட்டணத்த மெஷின் ரெண்டுக்கும் சேத்துப் போட்டிருக்கு. பார்சலுக்கு யாரு பரிமாறினா? அதுக்குத்தான் டப்பாவுக்குப் பத்துன்னு நாலு டப்பாவுக்கு நாப்பது வாங்குறோமே."

"வரி?"

"எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல அஞ்சு சதவீதம். சேவை நாப்பது ஏறினா வரியும் ரெண்டு ஏறும்."

"நாப்பத்திரெண்டுக்கா இந்தக் கூத்து? பில்ல குடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

வீட்டு வாடகை அவள் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே உக்காந்து குடுங்க. அவரு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

'சேவைக் கட்டணம் மேசைக்கு மட்டும்' என்று முதலாளியே எழுதி மாட்டிய பலகை சுவரில் தொங்கியது. வாடிக்கையாளர் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "உக்காரு தாயே. மாத்திப் போடு."

அவள் உட்காரவில்லை. "நாளைக்கு வரணுமா, வேண்டாமா? அதையும் இவரு முன்னாடியே சொல்லிடுங்க."

"வந்து தொலை," என்றார் முதலாளி.

அதன்பிறகுதான் உட்கார்ந்தாள்.